ரென்கோ செங்கலும் X, O கட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணம்தான்: 2024 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நிஃப்டி 50 ஆடிய ஆட்டம். ஜூன் 1 சனிக்கிழமை மாலை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு, 3ஆம் தேதி திங்கள் பாய்ச்சல், 4ஆம் தேதி தேர்தல் முடிவு, அன்றே சரிவு. சிறு அசைவை வடிகட்டும் சார்ட்டுகளுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடைப்பது அபூர்வம்.

சார்ட்டில் தேதியே இல்லாமல் எப்படி? நாள் போனால் கோடும் நகர வேண்டாமா?

கேண்டில் சார்ட்டில் சந்தை ஒன்றும் செய்யாவிட்டாலும் மாலை ஆனால் ஒரு மெழுகுவத்தி வந்துவிடும். பொழுது போனதற்கே அங்கே இடம் உண்டு. செங்கல் அடுக்கும் ரென்கோவிலும் X, O போடும் பாயின்ட் அண்ட் ஃபிகரிலும் அந்த இடம் கிடையாது. விலை நீங்கள் முன்கூட்டிச் சொன்ன அளவுக்கு நகர்ந்தால் மட்டும் ஒரு குறி விழும். நகராவிட்டால் பத்து நாளானாலும் சார்ட் அப்படியே நிற்கும். ஒரே நாளில் பெரிதாக நகர்ந்தால் பன்னிரண்டு குறிகூட ஒன்றாக விழும்.

ஆக, இங்கே இரண்டு வடிகட்டிகள் ஒன்றாக வேலை செய்கின்றன. ஒன்று நேரத்தைத் தள்ளுகிறது, இன்னொன்று சின்ன அசைவைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் ஒரே திருகுதான்: ஒரு குறி விழ விலை நகர வேண்டிய தூரம், அதாவது பெட்டியின் அளவு.

ரென்கோ செங்கல் எப்போது விழும்? திரும்புவதற்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு நகர வேண்டும் என்கிறார்கள்?

செங்கல் அளவு 100 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக விழுந்தது 22,800 முதல் 22,900 வரையிலான பச்சைச் செங்கல். அடுத்த பச்சை விழ விலை 23,000ஐத் தொட்டால் போதும். சிவப்பு விழ வேண்டுமானால்? இருக்கிற செங்கல்லின் அடிப்பக்கம் 22,800. அங்கிருந்து ஒரு முழுச் செங்கல் கீழே போக வேண்டும், அதாவது 22,700. உச்சியிலிருந்து எண்ணினால் 200 புள்ளி. இரண்டு மடங்கு என்பது இவ்வளவுதான். ஒரு செங்கல் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி வைக்க மாட்டார்கள், எப்போதும் மூலையைத் தொட்டபடி மேலேயோ கீழேயோதான் வைப்பார்கள்.

ஜப்பானிய மொழியில் செங்கலுக்கு ‘ரெங்கா’ என்று பெயர், ரென்கோ அதிலிருந்து வந்தது என்பார்கள். நம்மூர் டிரேடர்கள் ‘பிரிக்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நான் செங்கல் என்றே எழுதுகிறேன்.

உண்மையான விலையை வைத்து ஒரு தடவை நாள்நாளாகக் காட்டுங்களேன்.

சரி. 100 புள்ளிச் செங்கல், தினசரி க்ளோசிங் விலை மட்டும். மே 21 நிலவரப்படி கடைசிப் பச்சைச் செங்கல்லின் உச்சி 22,500.

மே 22 அன்று க்ளோசிங் 22,597.80. செங்கல் விழ 22,600 வேண்டும். இரண்டே கால் புள்ளிகூட இல்லை குறை, ஆனாலும் விழாது. மறுநாள் 22,967.65. ஒரேயடியாக நான்கு பச்சை, உச்சி 22,900. அதன் பிறகு 24ஆம் தேதி 22,957.10, 27ஆம் தேதி 22,932.45, 28ஆம் தேதி 22,888.15. மூன்று நாளும் சார்ட்டில் ஒன்றுமே இல்லை. 29ஆம் தேதி நிஃப்டி 183 புள்ளி விழுந்து 22,704.70இல் முடிந்தது. சிவப்பு விழ 22,700 வேண்டும். 4.70 புள்ளி மேலே நின்றுவிட்டதால் அன்றும் மௌனம். 30ஆம் தேதி 22,488.65. இப்போதுதான் மூன்று சிவப்புச் செங்கல், அடி 22,500. 31ஆம் தேதி 22,530.70, ஒன்றுமில்லை.

ஜூன் 3: 23,263.90. கடைசிச் சிவப்புச் செங்கல்லின் மேல்பக்கம் 22,600. அதிலிருந்து 23,200 வரை ஆறு பச்சை. ஜூன் 4: 21,884.50. ஒரே நாளில் பன்னிரண்டு சிவப்பு, அடி 21,900. ஜூன் 5: 22,620.35, ஆறு பச்சை. ஜூன் 6: 22,821.40, இரண்டு. ஜூன் 7: 23,290.15, நான்கு.

பதின்மூன்று வர்த்தக நாள், அதில் ஆறு நாள் ஒன்றுமே விழவில்லை. மீதி ஏழு நாளில் 37 செங்கல். மே 24 முதல் 29 வரை விலை மெல்ல மெல்ல வழுக்கியதை கேண்டில் சார்ட் பார்த்தவர் நான்கு நாளும் பார்த்துக் கவலைப்பட்டிருப்பார். ரென்கோ பார்த்தவருக்கு அது தெரியவே தெரியாது. அது நல்லதா கெட்டதா என்பது அந்த வழுக்கல் சத்தமா, சேதியா என்பதைப் பொறுத்தது. இந்த முறை அது சேதி.

X, O போடும் சார்ட்டும் இதேதானே? வேறு உருவம், அவ்வளவுதானே?

கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரிதான். ஆனால் வித்தியாசம் உருவத்தில் இல்லை, திரும்பும் விதியில் இருக்கிறது. பாயின்ட் அண்ட் ஃபிகரில் ஏற்றம் X, இறக்கம் O. ஒரு ஏற்றம் முழுக்க ஒரே நெடுவரிசையில் அடுக்கப்படும். திசை திரும்பினால்தான் பக்கத்து வரிசைக்குப் போக வேண்டும். எத்தனை பெட்டி எதிர்த்திசையில் போனால் திரும்பியதாகக் கணக்கு என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். இந்த எண்ணிக்கைதான் ரிவர்சல், வழக்கமாக மூன்று பெட்டி.

ரென்கோவில் அது எப்போதும் இரண்டு பெட்டி, மாற்ற முடியாது. ஆகவே 100 புள்ளி ரென்கோவைப் பெட்டி 100, ரிவர்சல் 2 என்று போட்ட பாயின்ட் அண்ட் ஃபிகராகவே எண்ணிக்கொள்ளலாம். மூன்று பெட்டி ரிவர்சலில் வடிகட்டி இன்னும் ஒரு பெட்டி இறுக்கம். உச்சி X 22,900இல் இருந்தால் O வரிசை தொடங்க விலை 22,600க்கு வர வேண்டும். வந்துவிட்டால் O-க்கள் 22,800இலிருந்து, அதாவது உச்சிக்கு ஒரு பெட்டி கீழிருந்து, வரிசையாக விழும்.

பாயின்ட் அண்ட் ஃபிகர் அமெரிக்க முறை. டிக்கர் நாடாவில் ஓடும் விலையைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எண்களாக எழுதி வைத்தார்கள், X, O பிறகு வந்தன. க்ளோசிங்குக்குப் பதில் அன்றைய உச்சம், தாழ்வு மட்டும் பார்த்து மூன்று பெட்டி ரிவர்சலில் வரையும் முறை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏ. டபிள்யூ. கோஹனின் சார்ட்கிராஃப்ட் வழியாகப் பரவியது. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இப்போதும் யாராவது கேட்டால் முதல் மாதம் நோட்டில் போடுங்கள் என்றே சொல்வேன்.

அதே நாட்களை X, O-வில் போட்டால் எப்படி இருக்கும்?

பெட்டி 100, ரிவர்சல் 3, க்ளோசிங் விலை. ஜூன் 12 வரை வந்தால் இப்படி:

```
23300 | . . . . X
23200 | . . X . X
23100 | . . X O X
23000 | . . X O X
22900 | X . X O X
22800 | X O X O X
22700 | X O X O X
22600 | X O 6 O X
22500 | X O . O X
22400 | X . . O X
22300 | X . . O X
22200 | X . . O X
22100 | X . . O X
22000 | . . . O X
21900 | . . . O .
```

மூன்றாம் வரிசையில் X-க்குப் பதில் 6 என்று இருப்பதைப் பாருங்கள். ஜூன் மாதத்தில் விழுந்த முதல் குறி அது. நேரத்தைத் துரத்திவிட்ட சார்ட்டில் ஒரு சின்ன ஜன்னல் வழியாக அதை எட்டிப் பார்க்க வைக்கும் பழக்கம் இது. ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, பிறகு A, B, C.

படிப்பது எளிது. ஒரு X வரிசை, முந்தைய X வரிசையின் உச்சியை ஒரு பெட்டி தாண்டினால் வாங்கும் சிக்னல். மூன்றாம் வரிசை 23,000ஐத் தொட்டபோது முதல் வரிசையின் 22,900ஐத் தாண்டியது. ஜூன் 3 அன்று வாங்கு என்றது. O வரிசை முந்தைய O வரிசையின் அடியை உடைத்தால் விற்கும் சிக்னல். நான்காம் வரிசை 22,400இல் உடைத்தது, ஜூன் 4.

எனக்குப் பிடித்த இடம் கடைசி வரிசை. ஜூன் 7 அன்று நிஃப்டி 468 புள்ளி ஏறி 23,290.15இல் முடிந்தது. ஊரே மீண்டுவிட்டோம் என்றது. சார்ட்டில் X 23,200இல் நின்றது, முந்தைய உச்சிக்குச் சமமாக. பிரேக்அவுட் இல்லை. 10ஆம் தேதி 23,259.20, 11ஆம் தேதி 23,264.85, இரண்டு நாளும் ஒன்றும் விழவில்லை. 12ஆம் தேதி 23,322.95இல் முடிந்ததும் 23,300இல் ஒரே ஒரு X. அந்த ஒற்றை X-தான் சிக்னல்.

ரென்கோ பேக்டெஸ்ட்டில் அள்ளிக் கொடுக்கிறது, என் கணக்கில் மட்டும் நஷ்டம். நான் என்ன தப்பு செய்கிறேன்?

பெரும்பாலும் தப்பு உங்களிடம் இல்லை, பழைய விலைகளில் விதியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட் எந்த விலையில் வாங்கி விற்றதாக நினைக்கிறது என்பதில் இருக்கிறது. மேலே உள்ள கணக்கையே எடுங்கள். விதி இதுதான்: முதல் பச்சைச் செங்கல் விழுந்தால் வாங்கு, முதல் சிவப்பு விழுந்தால் விற்றுவிடு.

சார்ட்டைப் பார்த்தால் ஜூன் 3இன் முதல் பச்சைச் செங்கல் 22,700இல் முடிகிறது. ஜூன் 4இன் முதல் சிவப்பு 23,000இல் முடிகிறது. 22,700இல் வாங்கி 23,000இல் விற்றால் 300 புள்ளி லாபம். இந்தியச் சந்தை மறக்க முடியாத சரிவு நாளில் லாபத்தோடு வெளியே வந்துவிட்டீர்கள்!

நடந்தது வேறு. க்ளோசிங் விலையில் செங்கல் போடுபவருக்கு ஜூன் 3 மாலை வரை ஒரு பச்சையும் தெரியாது. தெரிந்தபோது விலை 23,263.90. மறுநாள் சிவப்பு தெரிந்தபோது 21,884.50. நஷ்டம் 1,379.40 புள்ளி. அதே சார்ட், அதே விதி, அதே செங்கல்கள்தான். வித்தியாசம் 1,679 புள்ளி.

செங்கல் காட்டும் விலை என்பது கட்டத்தின் விலை. அந்த விலையில் அந்த நேரத்தில் யாராவது விற்றார்களா என்பது அதற்குத் தெரியாது. ஜூன் 3 அன்று சந்தை திறந்ததே 23,337.90இல். 22,530இலிருந்து அங்கே தாவியபோது நடுவில் ஒரு வியாபாரமும் நடக்கவில்லை. அந்த இடைவெளியில் சார்ட் அழகாக ஆறு செங்கல் அடுக்கிவைத்தது. கேண்டில் சார்ட்டில் கேப் வெற்றிடமாகக் கண்ணில் படும். ரென்கோவில் சுவர் எழும்பிவிடுகிறது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பேக்டெஸ்ட்டின் ஆர்டர் பட்டியலைத் திறந்து, அதில் உள்ள ஐந்தாறு விலைகளைச் சாதாரண கேண்டில் சார்ட்டோடு ஒப்பிடுங்கள். எல்லாமே 22,700, 23,000 என்று முழு எண்களாக இருந்தால், அதுவும் கேப் நாட்களிலும் இருந்தால், அது கட்ட விலை. நானும் ஒருகாலத்தில் வழுவழுவென்று ஏறும் ஒரு லாபக் கோட்டைப் பார்த்து இரண்டு வாரம் தூங்காமல் கனவு கண்டேன். ஆர்டர் பட்டியலைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆனது.

க்ளோசிங் வேண்டாம், இன்ட்ராடே விலையில் செங்கல் போட்டால் இந்தப் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். ஜூன் 4 அன்று விலை 23,179.50இல் திறந்து படிப்படியாக இறங்கியது, கீழே வரும் வழியெல்லாம் வியாபாரம் நடந்தது. இன்ட்ராடே செங்கல் வைத்திருந்தவர் 23,100 சுமாரில் வெளியேறியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் முந்தைய நாள் அவரும் 23,337.90இல்தான் வாங்கியிருக்க முடியும், 22,700இல் அல்ல. நஷ்டம் 1,379இலிருந்து 240 சுமாருக்குக் குறையும். லாபமாக மாறாது.

இன்ட்ராடேவுக்கு வேறு விலை இருக்கிறது: வடிகட்டி தளர்ந்துவிடும். நாளுக்குள் 22,700ஐத் தொட்டுவிட்டு மீண்ட தாழ்வுகள் எல்லாம் சிவப்பாகிவிடும். க்ளோசிங் முறையின் பலமே அந்தத் தொட்டு மீளல்களைப் பார்க்காமல் விடுவதில்தான் இருக்கிறது.

பாயின்ட் அண்ட் ஃபிகரில் உச்சம், தாழ்வு இரண்டும் ஒரே நாளில் பெட்டியைத் தொட்டால் எதைப் போடுவது?

ஓடிக்கொண்டிருக்கும் திசையை முதலில் கேளுங்கள். X வரிசையில் இருந்தால் அன்றைய உச்சம் புதிய பெட்டியைத் தொட்டதா என்று பாருங்கள். தொட்டால் X போட்டுவிட்டு அன்றைய தாழ்வை மறந்துவிடுங்கள், அது எவ்வளவு ஆழமாக இருந்தாலும். தொடாவிட்டால் மட்டும் தாழ்வைப் பார்த்து ரிவர்சல் வந்ததா என்று சரிபாருங்கள். ஒரு நாளில் ஒரு திசை மட்டும்.

ஜூன் 3இன் உச்சம் 23,338.70, ஆக X 23,300 வரை. மறுநாள் 23,400ஐத் தொடவில்லை. தாழ்வு 21,281.45. எனவே 23,200 முதல் 21,300 வரை இருபது O. க்ளோசிங் முறையில் அதே நாளுக்குப் பதின்மூன்றுதான். தாழ்விலிருந்து 600 புள்ளி மீண்டு முடிந்ததை இந்த முறை அன்றைய கணக்கில் சேர்க்காது. எந்த முறையில் வரைந்தது என்று சொல்லாமல் ஒருவர் உங்களிடம் பாயின்ட் அண்ட் ஃபிகர் சார்ட்டைக் காட்டினால், அதில் உள்ள சப்போர்ட்டை நம்ப வேண்டாம்.

செங்கல் அளவு எவ்வளவு வைக்கலாம்? சாஃப்ட்வேர் தானாகவே ATR என்று வைத்துக்கொள்கிறதே, அதுவே போதாதா?

அது போதாது, அதுதான் பல பேரின் குழப்பத்துக்கு வேர். `ATR` என்றால் கடைசி 14 கேண்டில்களின் சராசரி வீச்சு. வீச்சு மாறினால் செங்கல் அளவு மாறும். அளவு மாறினால் இன்றைய செங்கல் மட்டுமல்ல, பழைய செங்கல்கள் எல்லாமே புதிதாக வரையப்படும்.

ஜூன் 4இன் வீச்சை முந்தைய க்ளோசிங்கான 23,263.90இலிருந்து தாழ்வான 21,281.45 வரை எடுத்தால் 1,982 புள்ளி. பதினான்கால் வகுத்தால் அந்த ஒரே நாள் சராசரிக்கு 140 புள்ளிக்கு மேல் சேர்க்கிறது. செங்கல் அளவு அப்படி வீங்கி, பேச்சுக்கு 300 ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது மே 23இன் பச்சைச் செங்கல் 22,500–22,800. சிவப்புக்கு 22,200 வேண்டும். மே 30 அன்று விலை 22,488 வரைதான் வந்தது. ஆக அன்று நீங்கள் கண்ணால் பார்த்த மூன்று சிவப்புச் செங்கல்கள் சார்ட்டிலிருந்தே காணாமல் போய்விடும். ‘அன்னிக்கு சிக்னல் வந்துச்சே’ என்று நீங்கள் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அமைப்பில் `Traditional` என்று மாற்றி எண்ணை நீங்களே போடுங்கள். எந்த எண்? ஒரு கட்டாயச் சோதனை: உங்கள் புரோக்கரேஜ், வரி, விலை வழுக்கல் எல்லாம் சேர்த்து ஒரு வாங்கல்-விற்றலுக்கு எத்தனை புள்ளி போகிறது என்று கணக்கிடுங்கள். செங்கல் அதற்குப் பக்கத்தில் இருந்தால் வடிகட்டி வடிகட்டவில்லை என்று அர்த்தம். பல வருட சார்ட் என்றால் புள்ளியைவிட சதவீதம் நல்லது. நிஃப்டி 5,000இல் இருந்த காலத்தில் 100 புள்ளி 2 சதவீதம், 22,500இல் அது 0.44 சதவீதம். ஒரே 100 புள்ளிப் பெட்டியில் இரண்டையும் வரைந்தால் பழைய காலம் அமைதியாகவும் புதிய காலம் கொந்தளிப்பாகவும் தெரியும். சந்தை மாறியிருக்காது, அளவுகோல்தான் சுருங்கியிருக்கும்.

என் நண்பரும் 100 புள்ளி ரென்கோதான் போடுகிறார். அவருக்கு மே 29ஆம் தேதியே சிவப்பு வந்துவிட்டது, எனக்கு 30ஆம் தேதிதான். யார் சரி?

இரண்டு பேரும் சரி. அவருடைய கட்டம் 22,450, 22,550, 22,650 என்று 50இல் முடிகிறது போலிருக்கிறது. அவருக்கு மே 23இன் உச்சி 22,950. சிவப்புக்கு 22,750 போதும். 29ஆம் தேதி 22,704.70இல் முடிந்ததும் விழுந்துவிட்டது. உங்களுக்கு 22,700 வேண்டியிருந்தது.

எந்த எண்ணிலிருந்து முதல் செங்கல் வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். சில சாஃப்ட்வேர்கள் தங்களிடம் உள்ள முதல் நாள் விலையிலிருந்து அடுக்கத் தொடங்கும். ஆகவே டேட்டா தொடங்கும் தேதி மாறினாலே சார்ட் மாறலாம். பாயின்ட் அண்ட் ஃபிகரில் 22,500, 22,600 என்று முழுப் பெட்டி எண்களுக்கே குறி போடும் பழக்கம் இருப்பதால் இந்தத் தகராறு குறைவு. தினசரி வேலைக்கு நான் ரென்கோவைவிட மூன்று பெட்டி பாயின்ட் அண்ட் ஃபிகரை விரும்புவதற்கு இது ஒரு காரணம். ஒரு முறையைச் சோதிக்கும்போது கட்டத்தை 25, 50, 75 என்று நகர்த்தியும் ஓட்டிப் பாருங்கள். ஒரு நகர்த்தலில் லாபம், இன்னொன்றில் நஷ்டம் என்றால் அங்கே இருந்தது முறை அல்ல, கட்டம் விழுந்த அதிர்ஷ்டம்.

நான் ஆப்ஷன் வாங்குபவன். ரென்கோ பார்த்து வாங்கலாமா?

சார்ட்டில் நேரம் இல்லை, உங்கள் கையில் இருக்கும் ஆப்ஷனில் நேரம் மட்டும்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வாரம் சாட்சி.

மே 23 மாலை நான்கு பச்சைச் செங்கல் ஒன்றாக விழுந்தன. அதைப் பார்த்து ஒருவர் 23,000 கால் ஆப்ஷன் வாங்குகிறார், மே 30 எக்ஸ்பைரி. அடுத்த நான்கு வர்த்தக நாள் ரென்கோ சொன்னது: பச்சை, எந்த மாற்றமும் இல்லை. அந்த நான்கு நாளும் பிரீமியம் கரைந்துகொண்டே இருந்தது. முதல் சிவப்புச் செங்கல் விழுந்தது மே 30 க்ளோசிங்கில். அந்த நேரத்தில் நிஃப்டி 22,488.65, ஆப்ஷன் பூஜ்யம். வெளியேறு என்று சார்ட் சொன்னபோது விற்க ஒன்றும் இல்லை.

ஆப்ஷன் வாங்குபவர் ரென்கோ பார்த்தே தீருவேன் என்றால், பக்கத்தில் நாள் கணக்கில் ஒரு வெளியேறும் விதி வைத்துக்கொள்ள வேண்டும்: இத்தனை நாளுக்குள் அடுத்த செங்கல் விழாவிட்டால் வெளியே, நிறம் எதுவானாலும்.

நேற்று லைவில் சிவப்புச் செங்கல் பார்த்தேன், விற்றேன். இன்று சார்ட்டில் அது இல்லை. எங்கே போயிற்று?

அது முடிந்த செங்கல் அல்ல. சந்தை நடக்கும்போது ‘இப்போதைய விலையிலேயே முடிந்தால் இப்படி இருக்கும்’ என்று பல சாஃப்ட்வேர்கள் ஒரு தற்காலிகச் செங்கல்லைக் காட்டும், வழக்கமாக வெளிறிய நிறத்தில். தினசரி சார்ட்டில் மதியம் பார்த்தது மாலையில் மறையலாம். க்ளோசிங் விலையில் வரைகிறீர்கள் என்றால் முடிவும் க்ளோசிங்குக்குப் பிறகுதான். மே 29 அன்று கடைசி நேரம் வரை ஆடிய ஆட்டம் 4.70 புள்ளியில் முடிந்தது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

X வரிசையை எண்ணி இலக்கு சொல்கிறார்களே, அந்தக் கணக்கை நம்பலாமா?

ஒரு வரிசையில் உள்ள பெட்டிகளை எண்ணி, பெட்டி அளவாலும் மூன்றாலும் பெருக்கி, வரிசை தொடங்கிய இடத்திலிருந்து கூட்டுவதோ கழிப்பதோதான் அந்த முறை. ஜூன் 4இன் 13 O-க்கு 3,900 புள்ளி. 23,100இலிருந்து கழித்தால் 19,200. அன்று இதைப் பரப்பியவர்கள் ஒரு வரியை விட்டுவிட்டார்கள்: அந்த வரிசையின் அடியான 21,900 மறுபடி உடைந்தால்தான் எண்ணிக்கை செயலுக்கு வரும். உடையவில்லை. நிஃப்டி அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று 26,277 வரை போயிற்று. நான் இலக்குக்காக இந்தச் சார்ட்டைப் பார்ப்பதில்லை, எந்த இடத்தில் என் எண்ணம் தப்பாகும் என்பதற்காகவே பார்க்கிறேன்.

சாஃப்ட்வேரை நம்பாமல் நானே செங்கல் எண்ணிப் பார்க்க வழி உண்டா?

உண்டு, பைத்தானில் பத்துப் பதினைந்து வரி. கடைசிச் செங்கல்லின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் நினைவில் வைத்திருந்தால் போதும்:

```python
def renko(closes, box, top, bottom):
    for c in closes:
        up = max(int((c - top) // box), 0)
        dn = max(int((bottom - c) // box), 0)
        if up:
            top += up * box
            bottom = top - box
        elif dn:
            bottom -= dn * box
            top = bottom + box
        print(c, up, dn, bottom, top)

renko([22597.80, 22967.65, 22957.10, 22932.45, 22888.15,
       22704.70, 22488.65, 22530.70, 23263.90, 21884.50,
       22620.35, 22821.40, 23290.15], 100, 22500, 22400)
```

ஓட்டினால் இரண்டாம் எண் பச்சை, மூன்றாம் எண் சிவப்பு. `21884.5 0 12 21900 22000` என்று ஜூன் 4இன் வரி வரும். முதல் எண் உங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய விலை, கடைசி இரண்டும் கட்டத்தின் விலை. பிறகு நிரலின் கடைசி வரியில் உள்ள 22500, 22400 என்ற இரண்டு எண்களை 22550, 22450 என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். 22704.70 வரிக்கு நேரே சிவப்பு 1 என்று வந்தால், உங்கள் நண்பரின் சார்ட் உங்கள் கைக்கு வந்துவிட்டது.